தொய்ந்துபோன சோபா இருக்கைக்கு வீட்டிலேயே புது நாடா போடுவது எப்படி

உட்லண்ட்ஸில் இருக்கும் அத்தை வீட்டு மூன்று இருக்கை சோபா எட்டு ஆண்டுகள் நன்றாக உழைத்தது. போன ஆண்டு அத்தை தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, உக்காந்தா எந்திரிக்க முடியல. மாமா வந்து கை கொடுக்கணும். புதுசு வாங்கிடலாமான்னு பாக்குறோம்." போய் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றது. முழங்கால் வலி உள்ளவர் அந்த உயரத்திலிருந்து எழுவது பெரும்பாடு. ஆனால் மேல்துணியில் கிழிசல் இல்லை, மரச்சட்டம் ஆடவில்லை, கால்கள் உறுதியாக இருந்தன. மெத்தைக்கு அடியில் இருந்த நாடா மட்டும்தான் செத்துப்போயிருந்தது. 20 மீட்டர் நாடா வாங்கி, ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் நானும் மாமாவும் மாற்றி முடித்தோம். அந்த வேலையை வைத்தே இதை எழுதுகிறேன்.

நாடாக் கட்டிலில் படுத்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும். நான்கு பக்கமும் மரச்சட்டம், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நாடா, அதன் மேல் மெத்தை. ஒரு வித்தியாசம் உண்டு. கட்டில் நாடா பருத்தி, அது நீளாது. சோபா நாடாவில் நெசவுக்குள்ளே ரப்பர் இழைகள் ஓடுகின்றன. நாம் உட்காரும்போது அவை நீண்டு, எழுந்ததும் சுருங்கி, இருக்கையை மீண்டும் மேலே தூக்குகின்றன. ரப்பர் காற்றாலும் வெப்பத்தாலும் மெல்ல மெல்ல இறுகி உடையும் பொருள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெக்கை, அதிலும் மேற்கு வெயில் விழும் கூடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ரப்பர் போன பிறகு நாடா அறுந்துவிடாது. துணி இழைகள் அப்படியே இருக்கும், நீண்டது நீண்டபடியே தொங்கும். வெளியிலிருந்து பார்த்தால் பழுது தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நாடாவா, மெத்தையா?

எதையும் பிரிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மெத்தை தனியாக எடுக்க வருமென்றால் அதைத் தரையில் வைத்து உட்காருங்கள். தரையில் வசதியாக இருந்து, சோபாவில் வைத்தால் குழி விழுந்தால், குறை அடியில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்தாலும் எலும்பு தரையில் முட்டினால் ஃபோம் போய்விட்டது. அப்போது நாடா மாற்றுவது பாதித் தீர்வுதான், ஃபோமையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து, சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்து அடியைப் பாருங்கள். கறுப்பு நிற மெல்லிய துணி ஒன்று அடித்திருப்பார்கள், தூசி விழாமல் இருக்க. அதன் ஒரு மூலையில் பத்துப் பதினைந்து ஸ்டேப்பிளைக் கழற்றி, கைவிளக்கு அடித்துப் பாருங்கள். நாடா தெரிந்தால் ஒன்றை விரலால் கீழே இழுத்து விடுங்கள். நல்ல நாடா உடனே திரும்பிப் போகும். போனதோ சோம்பலாகத் திரும்பும், அல்லது இழுத்த இடத்திலேயே நிற்கும். சில நேரம் உள்ளே ரப்பர் நொறுங்கும் சத்தம் கேட்கும், கையில் மாவு போல ஒட்டும். நாடாவுக்குப் பதிலாகப் பாம்பு போல வளைந்த கம்பிகள் தெரிந்தால் உங்களுடையது ஸ்பிரிங் சோபா. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பலர் செய்வது மெத்தைக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகையைச் செருகுவது. இரண்டு வாரம் சமாளிக்க அது போதும், எழ முடியாமல் தவிக்கும் பெரியவருக்கு இன்றைக்கே ஓர் உதவி. ஆனால் அடியில் நெகிழ்வே இல்லாததால் எடை முழுவதையும் ஃபோமே தாங்க வேண்டும். நல்ல ஃபோமையும் அது சீக்கிரம் நசுக்கிவிடும். நிரந்தரமாக அப்படி விட வேண்டாம்.

அளவும் கணக்கும்

அத்தை வீட்டு சோபாவின் சட்டம் உள்ளளவில் 165 செ.மீ. நீளம், 56 செ.மீ. ஆழம். முன் சட்டமும் பின் சட்டமும் 4 செ.மீ. அகலம். நாடாவைச் சட்டத்தின் நடுவில் அடிப்போம் என்பதால், முன்னிருந்து பின்னுக்கு நடுவிலிருந்து நடுவுக்கு 60 செ.மீ. வருகிறது.

உட்காரும் இடத்துக்கு 5 செ.மீ. அகல நாடா போதும். முன்பின்னாக ஓடும் நாடாக்கள்தான் எடையைத் தாங்கும் முக்கிய நாடாக்கள். அவற்றுக்கிடையே 4 செ.மீ. அளவில் இடைவெளி விட வேண்டும். இடைவெளி நாடாவின் அகலத்தைத் தாண்டினால் ஃபோம் அதற்குள் பிதுங்க ஆரம்பிக்கும். 165 செ.மீ. நீளத்துக்கு 18 நாடா போட்டால் இடைவெளி சரியாக 4 செ.மீ. அளவில் அமைந்தது. குறுக்கே பின்ன 4 நாடா போட்டோம்.

நாடாவை இழுத்துத்தான் அடிக்க வேண்டும். உட்காரும் இடத்துக்கு, தளர்ந்த நீளத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுப்பது நல்ல தொடக்கம். 60 செ.மீ. தூரத்துக்கு 60-ஐ 1.1-ஆல் வகுத்தால் 54.5 செ.மீ. அதாவது தளர்ந்த நிலையில் 54.5 செ.மீ. இருக்கும் நாடா, இழுத்த பிறகு 60 செ.மீ. ஆகும். இரு முனையிலும் மடித்து அடிக்க 4 செ.மீ. வீதம் சேர்த்தால் ஒரு நாடாவுக்கு 62.5 செ.மீ., 18 நாடாவுக்கு ஏறக்குறைய 11¼ மீட்டர். குறுக்கு நாடா ஒன்றுக்கு இதே கணக்கில் 1.62 மீட்டர், நான்குக்கு 6½ மீட்டர். மொத்தம் 18 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கைப்பிடிக்கும் பிழைக்கும் சேர்த்து 20 மீட்டர் வாங்கினோம்.

இணையக் கடையில் தேட elastic sofa webbing என்று தட்டச்சு செய்தால் வரும். வந்ததும் அரை மீட்டர் அளந்து இழுத்துப் பாருங்கள். லேசாக இழுத்தாலே 70 செ.மீ. வரை போனால் அது முதுகுச் சாய்வுக்கான மெல்லிய நாடா, உட்காரும் இடத்துக்கு ஆகாது. நல்லது கையை எதிர்க்கும், 55 செ.மீ. வரை கொண்டு வரவே கொஞ்சம் பலம் போட வேண்டியிருக்கும்.

மற்றபடி வேண்டியவை: ஸ்டேப்பிள் அடிக்கும் துப்பாக்கி, துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய 12 மி.மீ. ஸ்டேப்பிள், தட்டைத் திருப்புளி, குறடு, சுத்தியல், பேனா, கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை. மின்சாரத் துப்பாக்கியாக இருந்தால் நல்லது. கையால் அழுத்துவது கடின மரத்தில் பாதி இறங்கி நின்றுவிடும், ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். அது முடியாத வேலையில்லை. ஆனால் 18 நாடாவுக்கு இரு பக்கமும் முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்டேப்பிள் வரும், கை ஓய்ந்துவிடும்.

பிரிப்பது

பழைய நாடா சட்டத்தின் மேல் முகத்தில்தான் இருக்கும், அடி முகத்தில் இருக்காது. காரணம் உண்டு. மேலே அடித்தால் நாம் உட்காரும்போது நாடா ஸ்டேப்பிளைப் பக்கவாட்டில் இழுக்கிறது, மரம் அதைத் தாங்கும். அடியில் அடித்தால் ஒவ்வொரு முறையும் ஸ்டேப்பிளை நேராகக் கீழே பிடுங்குகிறது, சில மாதத்தில் வரிசையாகக் கழன்றுவிடும். அடித்துணியை மட்டும் கழற்றி, கீழிருந்தே புது நாடாவை அடித்துவிடுவது சுலபமாகத் தெரியும். அந்தக் குறுக்கு வழியை எடுக்காதீர்கள்.

மேலே போவதற்கு முதுகுச் சாய்வைக் கழற்ற வேண்டியிருக்கலாம். இங்கே லிஃப்டிலும் வாசலிலும் நுழைய வேண்டும் என்பதால் பல சோபாக்களின் முதுகு தனியாகக் கழன்று வரும். அத்தை வீட்டு சோபாவில் நான்கு போல்ட் இருந்தன. முதுகை எடுத்ததும், இருக்கையின் மேல் விரித்திருந்த துணி பின் சட்டத்தில் ஸ்டேப்பிள் அடித்து நிற்பது தெரிந்தது. பின்னாலும் இரு ஓரமும் கழற்றி, முன்பக்கம் தைத்திருந்ததை அப்படியே விட்டு, துணியை முன்னால் புரட்டிப் போட்டோம். எதையும் வெட்டவில்லை. ஒவ்வொரு அடுக்கையும் பிரிக்கும் முன் படம் எடுத்து வைத்தோம். திரும்பப் பூட்டும்போது அதுதான் கை கொடுத்தது.

பழைய நாடாவை முழுவதும் எடுங்கள். பழையதை விட்டு நடுவில் இரண்டு புதிது போட்டால் எடை முழுவதும் அந்த இரண்டின் மேல் விழும். பழைய ஸ்டேப்பிளைத் திருப்புளியால் நெம்பி, குறடால் இழுங்கள். பாதியில் உடைந்து மரத்துக்குள்ளே நின்றதைச் சுத்தியலால் உள்ளே அடித்துவிடுங்கள். துருப்பிடித்த துண்டுகள் தெறிக்கும், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

இப்போது சட்டம் வெறுமையாக இருக்கிறது. அதை நன்றாகப் பாருங்கள், இந்த வாய்ப்பு மறுபடி கிடைக்காது. திருப்புளி நுனியை முன் சட்டத்தில் நான்கைந்து இடத்தில் அழுத்துங்கள். இறங்காமல் நின்றால் நல்ல மரம். எளிதில் புதைந்தால் அல்லது தூள் தூளாக உதிர்ந்தால் புது ஸ்டேப்பிள் அதில் நிற்காது. மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பி இப்படி ஆகும். அப்போது சட்டத்தின் உள்பக்கம், மேல் விளிம்பு சமமாக வரும்படி 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை மரப்பசை தடவி, 10 செ.மீ.க்கு ஒரு திருகாணி போட்டு இறுக்கி, பசை ஒருநாள் காய்ந்த பிறகு அந்தப் பட்டையில் நாடாவை அடிக்கலாம். உள்ளளவு குறைந்துவிடும், மறுபடி அளந்து கணக்குப் போடுங்கள். மரத்தில் ஊசித் துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் அது மரத்தைத் தின்னும் பூச்சி. சட்டம் முழுவதும் அப்படி இருந்தால் நாடா வாங்கிய காசு வீண். அந்த சோபாவைத் தூக்கிப்போட நகர மன்றத்தை அழைப்பதே சரி.

இழுவை

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. முதன்முதலில் என் வீட்டு சோபாவுக்குச் செய்தபோது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கமாக இழுத்தேன். முதல் ஐந்து நாடா மிக இறுக்கம். கை ஓய்ந்த பிறகு போட்டவை தளர்வு. இறுக்கமானவை முன் சட்டத்தை லேசாக உள்ளே வளைத்தன, வளைந்ததால் அவையே தளர்ந்தன. இரண்டு மாதத்தில் இருக்கை ஒரு பக்கம் சரிந்தது. முழுவதையும் பிரித்து மறுபடி போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து கற்றது: எவ்வளவு இழுக்கிறோம் என்பதைவிட, எல்லா நாடாவையும் ஒரே அளவு இழுக்கிறோமா என்பதே முக்கியம். அதைக் கை உணர்வில் விடக்கூடாது, பேனாக் கோட்டில் விட வேண்டும்.

முன் சட்டம், பின் சட்டம் இரண்டின் மேலும் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். 18 நாடா எங்கெங்கே வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாடாச் சுருளைத் தரையில் இழுக்காமல் விரியுங்கள். முனையிலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒரு கோடு, அங்கிருந்து 54.5 செ.மீ. தள்ளி இரண்டாவது கோடு. வெட்ட வேண்டாம்.

முதல் கோடு பின் சட்டத்துக் கோட்டின் மேல் வரும்படி வைத்து, நீட்டிய முனை வெளிப்பக்கம் இருக்க, ஐந்து ஸ்டேப்பிள் அடியுங்கள். ஒரே நேர்கோட்டில் அடிக்காமல் மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் மரம் பிளக்காது. வெளியே நீண்ட முனையை உள்பக்கமாக மடித்து, அதன் மேல் நான்கு. இனி சுருளை முன் சட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உப்புத்தாள் சுற்றிய ஒரு சிறு மரக்கட்டையில் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டையைச் சட்டத்தின் வெளி முகத்தில் ஊன்றிக் கீழே நெம்பினால் நாடா தானாக இழுபடும், வெறுங்கையால் இழுப்பதில் பாதிப் பலம் போதும். இரண்டாவது கோடு முன் சட்டத்துக் கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் ஐந்து ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். பிறகு 4 செ.மீ. விட்டு வெட்டி, மடித்து நான்கு.

முதல் நாடாவை நடுவில் போடுங்கள், அப்புறம் இடம் ஒன்று வலம் ஒன்றாக வெளியே போங்கள். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கினால் சட்டம் அந்தப் பக்கம் மட்டும் இழுபடும். மூன்று போட்டதும் நிறுத்தி, உள்ளங்கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள். மூன்றும் ஒரே அளவு இறங்க வேண்டும். முன் சட்டத்தில் ஒரு நேரான கம்பை வைத்து வளைவு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்தால் சட்டம் மெலிதாக இருக்கிறது என்று பொருள். அடிப்பதைத் தொடராமல், முன்னும் பின்னும் சேர்த்து நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்துத் திருகிவிடுங்கள். அது நாடாவைவிட 10 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உட்காரும்போது முதுகெலும்பின் நுனியில் இடிக்கும்.

முன்பின் நாடா முடிந்ததும் குறுக்கு நாடா. பாய் பின்னுவது போல ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று கோத்துப் போய், அடுத்த வரிசையில் மாற்றிப் பின்னுங்கள். இவையும் அதே பத்தில் ஒரு பங்கு இழுவை. இவற்றின் வேலை, ஒருவர் உட்கார்ந்த எடையைப் பக்கத்து நாடாக்களுக்கும் பகிர்வது. மாமா எப்போதும் இடது ஓரத்திலேயே உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். பழைய நாடாவில் அந்த ஓரம்தான் முதலில் தொங்கியது. குறுக்கு நாடா அதில் ஒன்றுகூட இல்லை.

திரும்பப் பூட்டும் முன், ஓர் அழுத்தமான துணியை நாடாவின் மேல் விரித்து ஓரம் அடித்துவிட்டோம், ஃபோம் நேரே நாடாவில் உரசாமல் இருக்க. பிறகு புரட்டிய துணி, முதுகு, கடைசியாக அடித்துணி. அடித்துணியை மறக்காமல் மூடுங்கள். திறந்து விட்டால் பல்லியும் கரப்பானும் அங்கே குடியேறும்.

ஸ்பிரிங் சோபாவாக இருந்தால்

வளைகம்பி ஸ்பிரிங் மெல்லத் தொய்வதைவிட ஒரே நாளில் இறங்குவதே அதிகம். "டொக்" என்று ஒரு சத்தம், அப்புறம் ஓர் ஓரம் பள்ளம். பெரும்பாலும் ஸ்பிரிங் போயிருக்காது, அதைச் சட்டத்தில் பிடித்திருக்கும் கிளிப்பின் ஆணி கழன்றிருக்கும், அல்லது கிளிப் வாய் திறந்திருக்கும். அதே ஓட்டையில் மறுபடி ஆணி அடித்தால் நிற்காது. 2 அல்லது 3 செ.மீ. தள்ளி, புது மரத்தில் 25 மி.மீ. திருகாணியால் புதுக் கிளிப்பை இறுக்குங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள கிளிப் வாங்கினால் உட்காரும்போது கிறீச்சிடாது.

ஸ்பிரிங்கே உடைந்திருந்தால், அதே சோபாவில் நன்றாக இருக்கும் ஒன்றைக் கழற்றி, அதன் நீளத்தையும் கம்பியின் தடிமனையும் அளந்து அதே மாதிரி வாங்குங்கள். நீளமானதை வாங்கி வளைத்துச் சரிசெய்ய முடியாது. மாட்டும்போது ஒரு முனையைப் பூட்டி, மறு முனையில் தடித்த கயிறு போட்டு இழுத்துக் கிளிப்பில் விடுங்கள். கை நழுவினால் கம்பி விசையோடு தெறிக்கும், அதனால் அதன் பாதையில் முகத்தை வைக்காதீர்கள்.

சாய்வு நாற்காலி

சாய்வு நாற்காலியில் உட்காரும் பெட்டி இரும்புப் பொறியமைப்பின் மேல் திருகாணிகளால் நிற்கிறது. மின்சாரத்தில் ஓடுவதென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். நாற்காலியை முழுவதும் மூடிய நிலையிலேயே சாய்த்துப் போடுங்கள், காலடி திறந்திருந்தால் விரல் நசுங்கும். பொறியமைப்பில் இருக்கும் இழுவை ஸ்பிரிங்கை எதற்காகவும் கழற்றக்கூடாது, அது மிகுந்த விசையில் இருக்கிறது.

இருக்கை ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் நாடாவைத் தொடும் முன் அந்தப் பக்கத்துப் போல்ட்டுகளையும் இரும்புக் கைகளையும் பாருங்கள். தளர்ந்த போல்ட்டை இறுக்கினாலே பல நேரம் சரியாகும். இரும்பு வளைந்திருந்தால் எந்த நாடாவும் அதைத் தூக்காது. இரண்டும் நன்றாக இருந்தால், பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்து, மேலே சொன்ன அதே முறையில் நாடா போடலாம். பூட்டிய பிறகு ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் கீழே விளக்கடித்து, நாடா மோட்டாரிலோ இரும்புக் கையிலோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால் உரசி அறுந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து

வேலைக்கு முன், மாமா உட்கார்ந்திருக்கும்போது அவர் தொடைக்கு அடியில் இருக்கையின் உயரம் தரையிலிருந்து 31 செ.மீ. முடித்ததும் 39. ஒரு மாதம் கழித்து 38. புது ரப்பர் முதல் சில வாரத்தில் இவ்வளவு தளர்வது இயல்பு, அதன் பிறகு நின்றுவிடும். அதற்கு மேல் இறங்கினால் அடித்துணியின் மூலையைத் திறந்து, கீழிருந்து கைப்பேசியில் நாடாவின் முனைகளைப் படம் எடுத்துப் பாருங்கள். சட்டத்தின் நடுவில் இருக்க வேண்டிய பேனாக் கோடு உள் விளிம்பைத் தாண்டி வெளியே தெரிந்தால் அந்த முனையின் ஸ்டேப்பிள் நழுவுகிறது, அந்த ஒன்றை மட்டும் பிரித்து அடித்தால் போதும். ஒரு கோடும் வெளியே தெரியாமல் எல்லா நாடாவும் தொங்கினால் நாடாவே மெலிந்த சரக்கு. அத்தை வீட்டில் ஒரு கோடுகூட வெளியே வரவில்லை. இப்போது அத்தை கைப்பிடியை ஊன்றித் தானே எழுந்துவிடுகிறார்.